முறைப்பாட்டுப் பிரிவுக்குப் புதிய பொறுப்பாளர்: யாரிடம் எதற்குப் போவது?

(மாவட்டக் காரியாலயத்தில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். நமது முறைப்பாட்டுப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த ஐயா இந்த ஜூன் மாதம் 30ஆம் திகதியோடு ஓய்வு பெறுகிறார். ஜூலை 1ஆம் திகதி முதல் அந்தப் பொறுப்பை ஏற்பவர், ஒன்பது வருடமாக அதே பிரிவில் உதவியாளராக இருக்கும், நீங்கள் எல்லோரும் 'கணக்கு அக்கா' என்று கூப்பிடும் நமது தோழி. கொழுந்து எடுத்த கைதான் இன்று நமது கோப்புகளைப் பார்க்கிறது. எந்த மலையில் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பொறுப்புக்கு இருவர் விண்ணப்பித்தார்கள். இன்னொருவர், சேமலாப நிதி வேலையைப் பார்க்கும் தம்பி. அவரும் தகுதியானவர்தான். நிர்வாகத்தோடு விசாரணைக்குப் போய் வாதாடிய அனுபவம் அக்காவுக்குக் கூடுதலாக இருப்பதால் கமிட்டி அவரைத் தெரிவு செய்தது. தம்பியிடம் இதை முன்பே நேரில் சொல்லிவிட்டோம். அவர் இரண்டாம் பொறுப்பாளராகத் தொடர்கிறார்.

இனி யார் எதைப் பார்ப்பார்கள் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். வேலை நிறுத்தம், வேலை நீக்கம், தோட்டத்தில் நடக்கும் விசாரணை, தொழில் நியாய சபை வழக்கு, இவை எல்லாம் அக்காவின் பொறுப்பு. நிர்வாகத்துக்குப் போகும் கடிதங்களில் ஜூலை 1 முதல் அவர்தான் கையெழுத்திடுவார். ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, சேவைக்காலப் பணம் ஆகியவை தம்பியின் பொறுப்பு. ஐயா ஜூலை மாதம் முழுவதும் வாரத்தில் இரண்டு நாள் காரியாலயத்துக்கு வருவார். ஆனால் அவர் புதிய முறைப்பாடு எடுக்கமாட்டார். பழைய கோப்புகளில் ஏதாவது விளங்காவிட்டால் சொல்லிக்கொடுப்பதும், ஏற்கெனவே திகதி குறித்த விசாரணைகளுக்கு அக்காவோடு கூடப் போவதும்தான் அவர் வேலை.

இவ்வளவு கண்டிப்பாகப் பிரிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஒரு பொறுப்பு கைமாறும்போது அதிகம் தொலைவது கோப்பு அல்ல, திகதி. அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தொழிலாளியை மார்ச் 10ஆம் திகதி பெரட்டில் வைத்து "நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்று சொல்லிவிடுகிறார்கள். கடிதம் கொடுக்கவில்லை. தலைவர் துரையைச் சந்திக்கிறார். "அடுத்த மாதம் பேசுவோம்" என்கிறார் துரை. அடுத்த மாதம் இன்னொரு தவணை. நாமும் கடிதம் எழுதுகிறோம், பதில் வருகிறது, மறுபடி எழுதுகிறோம். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கச் சட்டம் தருவது, வேலை நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதம். நாம் துரையோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்த நாட்கள் நிற்பதில்லை. ஜூலை 1ஆம் திகதி கோப்பு கைமாறும்போது கிட்டத்தட்ட நான்கு மாதம் போய்விட்டது. மிச்சம் இரண்டு மாதமும் சில நாட்களும்தான். மார்ச் 10 என்ற திகதி பழைய பொறுப்பாளரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தால், செப்டெம்பர் 15ஆம் திகதி புதியவர் விண்ணப்பத்தோடு போய் நிற்பார். நியாயம் நம் பக்கம் இருந்தும் வழக்கை எடுக்கமாட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் ஒரு தாள் வைக்கிறோம். தொழிலாளியின் பெயர், தோட்டம், டிவிஷன், செக்ரோல் நம்பர், சம்பவம் நடந்த நாள், விண்ணப்பிக்கக் கடைசி நாள், அடுத்துச் செய்ய வேண்டிய வேலை. ஐயாவும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இந்த மாதம் முழுவதும் அதை எழுதி, இருவரும் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்து இல்லாத கோப்பு கைமாறியதாகக் கணக்கில்லை. கடைசி நாள் கிட்டே இருக்கும் கோப்புகளை முதலில் எடுத்திருக்கிறார்கள்.

தம்பியின் மேசைக்கு வரும் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். சேவைக்காலப் பணத்தைப் பாருங்கள். நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு 18,900 ரூபாய். 30 வருடம் வேலை செய்த ஒரு அம்மாவுக்கு 5,67,000 ரூபாய் வரவேண்டும். ஆனால் தோட்டக் காரியாலயம் 27 வருடம் என்று எழுதினால் 56,700 ரூபாய் குறைந்துவிடும். அந்த மூன்று வருடத்தை யார் நிரூபிப்பது? பழைய சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கணக்கு, கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம், இவைதான் சாட்சி. ஐயாவுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும், யார் யார் கூட வேலை செய்தார்கள் என்றும் தெரியும். அந்தப் பெயர்கள் கோப்பில் ஏறாவிட்டால் அவர் ஓய்வோடு அவையும் போய்விடும். ஓய்வு பெற்று 30 நாளுக்குள் இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே 31ஆம் நாள் அன்றே தம்பியிடம் வந்து சொல்லுங்கள்.

இப்போது ஒரு விஷயத்தை மனம் திறந்து பேசுவோம். நம்மில் பலருக்கு ஐயாவின் வீட்டுக்கதவைத் தட்டியே பழக்கம். பொறுப்பில் ஒரு பெண் இருக்கிறார் என்பதால் சில தலைவர்கள் தயங்கக்கூடும். தயங்குவது உங்கள் மனசோடு இருக்கட்டும். ஆனால் அக்காவைத் தாண்டி ஐயாவிடம் கொடுக்கும் முறைப்பாடு எந்தப் பதிவிலும் ஏறாது. ஒரே பிரச்சினைக்கு ஐயா ஒரு வாக்கும் அக்கா ஒரு வாக்கும் கொடுத்தால் நிர்வாகம் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளும். அங்கே தோற்பது அந்தத் தொழிலாளி. ஐயாவே நம்மிடம் சொல்லியிருக்கிறார்: வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கிடைக்கும், முறைப்பாட்டுக்குக் காரியாலயத்துக்குத்தான் போகவேண்டும்.

அக்காவுக்கும் எல்லை உண்டு. சம்பளப் பேச்சுவார்த்தையும் தொழில் நடவடிக்கை எடுப்பதும் கமிட்டியின் தீர்மானம், அவர் தனியாக முடிவு செய்வதல்ல. அவருடைய முடிவில் உங்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால் மாவட்டச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை எடுப்போம்.

தலைவர்களிடமும் தலைவிகளிடமும் நாங்கள் கேட்பது ஒரு வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் தோட்டத்தில் முடியாமல் இருக்கும் முறைப்பாடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சம்பவம் நடந்த நாளை எழுதுங்கள். நாள் சரியாகத் தெரியாவிட்டால் அந்த மாதச் சம்பளச் சிட்டையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் வேலை நின்ற நாளை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அந்தத் தாளை அக்காவிடம் கொடுத்து, கிடைத்ததற்குத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நமது கோப்புகளில் இல்லாத ஒரு பெயர் உங்கள் தாளில் இருந்தால், அந்தக் கோப்பைத்தான் அவர் முதலில் திறப்பார்.

ஐயாவுக்கு நமது நன்றி. அக்காவுக்கும் தம்பிக்கும் நமது வாழ்த்து. கூட்டம் முடிந்ததும் இருவரும் பின்னால் உள்ள மேசையில் இருப்பார்கள். இன்று கையில் முறைப்பாடு கொண்டு வந்தவர்கள் இப்போதே கொடுக்கலாம்.