எண்ணாமல் விட்டதை ‘இல்லை’ என்று படிக்காதீர்கள்

(தூத்துக்குடி மாவட்டம் புதுக்கோட்டையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் சிலருக்கு மாவட்டத்தின் மதவாரி மக்கள்தொகையை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அட்டவணையை எப்படிப் படிப்பது என்று மட்டும் இன்று பேசுகிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்ட மக்கள் ஏறத்தாழ 17.5 லட்சம். அதில் கிறித்தவர்கள் சுமார் 16.7 விழுக்காடு. தமிழ்நாடு முழுமைக்கும் இது 6.1 தான். இந்த வேறுபாட்டைப் பார்த்ததும் ‘இங்கே கிறித்தவ சமூகம் வலுவானது’ என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். 1530களில் முத்துக்குளித்துறையில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர்களும், பின்னாளில் சாயர்புரம், நாசரேத் பகுதிகளில் சீர்திருத்தச் சபைகளில் சேர்ந்த நாடார்களும், ஊருக்கு வெளியே தனித் தெருவில் வாழும் தலித் கிறித்தவர்களும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். கடலும் பனையும் கூலி வயலும் ஒரே கட்டத்தில் அடைபட்டிருக்கின்றன. அது ஒரு சமூகத்தின் எண் அல்ல. ஒரு விடையைச் சொன்னவர்களின் எண்.

அடுத்து பட்டியல் சாதியினரின் எண்ணுக்கு வாருங்கள். மாவட்ட மக்களில் அவர்கள் ஏறத்தாழ 19.9 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒருவர். இந்துக்கள் 78 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டுகிறார்கள். பட்டியல் சாதியினரை இந்துக்களின் எண்ணால் மட்டும் வகுத்துப் பாருங்கள். நான்கில் ஒருவர் என்று வரும். கிறித்தவர்களில் எத்தனை பேர்? அதற்கு விடை கிடைக்காது. பட்டியல் சாதியினரை மதவாரியாகப் பிரிக்கும் அட்டவணையில் இந்து, சீக்கியம், பௌத்தம் என்று மூன்றே மதங்கள்தான் இருக்கும்.

காரணம், 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை. அதன் மூன்றாம் பத்தி பெரும்பாலும் இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். எனவே மதம் என்ற கேள்விக்கு ‘கிறித்தவர்’ என்று விடை சொன்ன மறுநொடியே, அடுத்த கேள்வியில் அந்த மனிதரின் சாதி பதிவாகாது. ஆகவே அந்த வெற்றிடம் கணக்கெடுத்துக் கண்டுபிடித்தது அல்ல. எண்ணத் தொடங்கும் முன்பே விதியால் வைக்கப்பட்டது. ‘கிறித்தவத்தில் தலித்துகள் இல்லை’ என்று அதிலிருந்து எழுதினால், அரசாணையை ஆய்வு முடிவு என்று எழுதியதாகும்.

இதே தமிழ்நாட்டு அரசு, கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் என்று ஒரு பிரிவைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. தாசில்தார் சான்றிதழில் இருக்கும் சாதி, கணக்கெடுப்பு அட்டவணையில் இல்லாமல் போகிறது.

இதனால் யாருக்கு என்ன இழப்பு? சூசையின் வழக்கைப் பாருங்கள். அவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர்; ஆதிதிராவிடர், கிறித்தவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1985இல் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது, அதே கடுமையான ஒடுக்குமுறை கிறித்தவத்திலும் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. ஆதாரம் எங்கிருந்து வரும்? எண்ண வேண்டிய அரசே எண்ணாமல் விட்டதைத்தான், ஒரு செருப்புத் தொழிலாளி தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இனி உங்கள் கட்டுரைக்கு வருவோம். நான் சொல்வது தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை அல்ல, நம் புதுக்கோட்டை. இந்த அளவிலான ஊருக்குப் பட்டியல் சாதியினரின் எண் கிடைக்கும். ஆனால் மதவாரி எண் வட்டம், நகரம் வரைதான் வெளியாகிறது, கிராமத்துக்கு வருவதில்லை. ஆகவே கிராமத்துப் பட்டியல் சாதி எண்ணையே தலித் மக்களின் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சேரியில் நூறு வீடு இருந்து, அதில் பாதிப் பேர் ‘கிறித்தவர்’ என்று விடை சொன்னால், அட்டவணை பாதிச் சேரியைத்தான் காட்டும். நேரில் போய்த் தெருவைப் பாருங்கள். வீடுகளுக்கும் எண்ணுக்கும் இடைவெளி தெரிந்தால், பிழை தெருவில் இல்லை, வகைப்பாட்டில் இருக்கிறது. அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: ‘இதில் கிறித்தவ, இசுலாமிய தலித்துகள் பட்டியல் சாதியினராக எண்ணப்படவில்லை.’

அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. அதற்கான நாள் 2027 மார்ச் 1. அந்தக் கணக்கெடுப்புக்காக உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மதம் என்ற கட்டத்தில் கிறித்தவர் என்று எழுதிய பிறகு, சாதி என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறீர்கள்?