பேரு அழிஞ்சாலும் நம்பர் இருக்கே

போன மாசம் அத்தை ஒரு பழைய டிசி-யோட வீட்டுக்கு வந்தாங்க. மகனுக்கு வேலையில சான்றிதழ் சரிபார்ப்பு, பள்ளியோட போன் நம்பர் வேணுமாம். தண்ணி பட்டுப் பள்ளிப் பேரே அழிஞ்சு, ‘சேலம் மெயின் ரோடு’ மட்டும் மிச்சம். அதை நம்பி மாமா ரெண்டு நாள் சேலத்துல அலைஞ்சிருக்கார்.

டிசி-யில 11 இலக்க நம்பர் ஒன்னு தெளிவா இருந்தது. அது யூடைஸ் கோடு. முதல் ரெண்டு இலக்கம் மாநிலம், அடுத்த ரெண்டு மாவட்டம், அப்புறம் ரெண்டு ஒன்றியம், மூணு கிராமம் இல்லைன்னா வார்டு, கடைசி ரெண்டு பள்ளி. இது 3309னு ஆரம்பிச்சது. 33 தமிழ்நாடு, 09 நாமக்கல். சேலம்னா 08 இருக்கணும். பாவம் மாமா, சேலம் போற ரோடு நாமக்கல் மாவட்டத்துலயும் இருக்குதே! kys.udiseplus.gov.in-ல கோடைப் போட்டதும் பள்ளிப் பேரும் பின்கோடும் வந்தது, ராசிபுரம் பக்கம். போன் நம்பர் மட்டும் இல்லை.

அதுக்கு சிபிஎஸ்இ பள்ளின்னா saras.cbse.gov.in. அங்க இணைப்பு எண்ணால தேடலாம், அது 6 இல்லைன்னா 7 இலக்கம். நான் முதல்ல தேர்வுக்கான 5 இலக்கப் பள்ளிக் கோடைப் போட்டுட்டு, பட்டியல்லயே இல்லைன்னு முழிச்சேன். சரியான எண்ணுக்கு முகவரி, போன், மெயில் எல்லாம் வந்தது. அது பள்ளியே கொடுத்த விவரம், பழசாவும் இருக்கலாம். போனை யாரும் எடுக்கலை. மெயிலுக்கு மூணாம் நாள் பதில் வந்தது.