வராதவர் யார்? கிளினிக் முன்பதிவுப் புத்தகத்தைக் கிழமை வாரியாகப் படிப்பது எப்படி?

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு தீர்மானம் பேசப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இன்னமும் குடியிருக்கும் முதியவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வாரம் ஒரு நாள் வேன் விடுவது என்பதே அது. 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் நம் வாய்க்கு இன்னமும் பழைய பெயர்தான் வருகிறது, மன்னியுங்கள். எந்தக் கிழமை விடுவது என்ற கேள்வி எழுந்தபோது ஒரு நண்பர், "திங்கட்கிழமைதான் நம் ஆட்கள் நிறையப் பேர் வராமல் போகிறார்கள், அன்றைக்கே விடுவோம்" என்றார். இன்னொருவர், "திங்கட்கிழமை கூட்டம் தாங்காது, வேறு நாள் பார்ப்போம்" என்றார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் கண்டது வேறு, கணக்கு வேறு. பள்ளியில் வருகைப் பதிவேட்டோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், முன்பதிவுப் புத்தகத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று சிறிது நேரம் பேச அனுமதி கேட்டேன்.

முதலில் என் அக்காவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நீரிழிவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. ஒரு முறை அவருடைய அட்டையில் 'தீடாக் ஹாடிர்', அதாவது 'வரவில்லை' என்று குறித்திருந்தார்கள். எந்தக் கிளினிக் என்பது இங்கே முக்கியமில்லை. நான் கோபித்துக்கொண்டேன். "ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். "போனேனடா தம்பி" என்றார். விடியற்காலை பஸ் ஏறி ஏழு மணிக்கே போய் உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு மணி வரையிலும் பெயர் கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸை விட்டால் மாலைதான் என்று எழுந்து வந்துவிட்டார். கூப்பிட்டபோது ஆள் இல்லை. புத்தகத்தில் வராதவர் ஆகிவிட்டார். மாத்திரையில்லாமல் சில வாரங்கள் ஓடின. காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. காத்திருந்த நேரம் என்றும், வராதவர் எண்ணிக்கை என்றும் இரண்டு தனிக் கணக்குகளாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது. ஆகவே வந்து, காத்திருந்து, பார்க்கப்படாமலே திரும்பியவரை வராதவரோடு சேர்த்து எழுதக் கூடாது. அவருக்குத் தனிக் குறி வேண்டும். அந்தக் குறி இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு, 'எங்கள் ஆட்களுக்குப் பொறுப்பில்லை' என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது ஒரு கரும்பலகைக் கணக்கு. எண்கள் விளங்குவதற்காக நானே போட்டவை, எந்தக் கிளினிக்கின் கணக்கும் அல்ல. ஒரு மருத்துவர் ஒருவரைப் பார்க்க 6 நிமிடம். முப்பது பேருக்கும் 'காலை 8 மணி' என்றே சீட்டு. முதல் ஆள் உடனே உள்ளே போகிறார். முப்பதாவது ஆள் 29 பேருக்குப் பின்னால் நிற்கிறார். 29 தடவை 6, அதாவது 174 நிமிடம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். சராசரி 87 நிமிடம்.

அதே மருத்துவர், அதே முப்பது பேர். ஆனால் பத்துப் பேருக்கு 8 மணி, பத்துப் பேருக்கு 9, பத்துப் பேருக்கு 10 என்று சீட்டுக் கொடுத்தால், எந்தக் குழுவிலும் கடைசி ஆள் 54 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார். சராசரி 27 நிமிடம். மருத்துவரை ஒரு நிமிடம்கூட அதிகமாக வேலை வாங்கவில்லை. இதை 1952லேயே இங்கிலாந்தில் பெய்லி, வெல்ச் என்ற இருவர் லான்செட் மருத்துவ இதழில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லி, பிறகு ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேரத்துக்கு ஒருவராக வரச் சொன்னால் போதும் என்பது அவர்கள் காட்டிய வழி. ஆனால் மருத்துவர் நேரத்துக்கு உட்கார வேண்டும், நோயாளியும் நேரத்துக்கு வர வேண்டும். மருத்துவர் அரை மணி தாமதித்தால், அந்த அரை மணி அன்று வந்த முப்பது பேர் தலையிலும் விழும்.

முதல் கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. எட்டு மணிக்கு வரச் சொன்ன முப்பது பேரில் ஆறு பேர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு பேருக்குச் சராசரிக் காத்திருப்பு 87இலிருந்து 69 நிமிடமாகக் குறைந்துவிடும். புத்தகத்தைப் பார்ப்பவர், 'இந்தக் கிழமை சேவை நன்றாயிருக்கிறது' என்று மெச்சிக்கொள்வார். ஆறு பேர் மருந்தில்லாமல் வீட்டில் இருப்பதுதான் அந்த முன்னேற்றத்துக்குக் காரணம். காத்திருப்பு குறைந்த நாளைப் பார்த்தால், அன்று வராதவர் எத்தனை பேர் என்பதையும் உடனே பாருங்கள்.

இனிக் கிழமைக்கு வருவோம். அரசாங்க அலுவலகங்களுக்கு 2005 ஜூலை முதல் வாரத்தில் ஐந்து நாள் வேலை. சனி, ஞாயிறு காய்ச்சல் வந்தவரும் திங்கட்கிழமைதான் சீட்டில்லாமல் வந்து நிற்பார். ஆகவே திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு பகுதி முன்பதிவுக்காரர் அல்லர். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக நண்பகல் இடைவேளை நீளும். காலையில் முடியாதவர் 2.45க்குப் பிறகே பார்க்கப்படுவார். தோட்டத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர் அதுவரை இருப்பாரா?

திங்கட்கிழமை வராதவர் அதிகம் என்கிறார்களே, அதையும் கணக்காகப் பார்ப்போம். திங்கள் 40 பேருக்குச் சீட்டு, 10 பேர் வரவில்லை, நூற்றுக்கு 25. வியாழன் 40 பேருக்குச் சீட்டு, 6 பேர் வரவில்லை, நூற்றுக்கு 15. திங்கள்தான் கெட்ட நாள் என்று தோன்றும். இப்போது அதே புத்தகத்தில், சீட்டு எத்தனை நாளுக்கு முன் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். திங்களில் 30 சீட்டுகள் மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த நீரிழிவு, இரத்த அழுத்தச் சீட்டுகள். 10 மட்டுமே ஒரு வாரத்துக்குள் கொடுத்தவை. வியாழனில் நேர்மாறு, 10 பழையவை, 30 புதியவை. பழைய சீட்டில் பத்துக்கு மூவரும், புதிய சீட்டில் பத்துக்கு ஒருவரும் வரவில்லை என்றால், திங்கள் 9ம் 1மாகப் பத்து, வியாழன் 3ம் 3மாக ஆறு. இரு நாளும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறார்கள். குற்றம் கிழமையில் இல்லை, மூன்று மாதம் சீட்டை நினைவில் வைத்திருக்க வேண்டியதில் இருக்கிறது. இதற்கு மருந்து வேன் அல்ல, முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. (கைத்தொலைபேசி நினைவூட்டல் வருமே என்பீர்கள். பாட்டியின் பெயரில் கொடுத்த எண் ஷா ஆலாமில் இருக்கும் பேரனுடையது. பாட்டி இருப்பது தோட்டத்தில்!)

இதே தவற்றை நானும் ஒரு காலத்தில் செய்தேன். நான் வேலை பார்த்த ஒரு தோட்டப் பள்ளியில் சில பிள்ளைகள் குறிப்பிட்ட நாட்களில் வரமாட்டார்கள். சோம்பல் என்று பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினேன். பிறகு பெயர்களை வீட்டு வரிசையில் எழுதிப் பார்த்தபோது, எல்லாரும் தூரத்து டிவிஷன் பிள்ளைகள். அந்த நாட்களில் லாரி பால் ஏற்றப் போய்விடும், பிள்ளைகளை ஏற்ற வராது. கிழமைக்குள் லாரி ஒளிந்திருந்தது.

வேலைக்குப் போகும் நம் ஆட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரட்டில் பெயர் கொடுத்தால்தான் அன்றைய சம்பளம். வழக்கமான பரிசோதனைக்குப் போனவருக்குப் பெரும்பாலும் எம்.சி. கிடைப்பதில்லை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இங்கே இருந்தார் என்ற டைம் ஸ்லிப்தான் கிடைக்கும். ஒரு ரிங்கிட் கட்டணம் சுமையல்ல, போன நாள் கூலிதான் சுமை. சம்பளமோ மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் போட வேண்டும் என்பது சட்டம். ஆகவே மாதக் கடைசியில் பஸ் காசுக்கே யோசிப்பவர் உண்டு. இது தேதியைப் பொறுத்தது, கிழமை வாரியாகக் கூட்டினால் கண்ணுக்கே தெரியாது. தேதியையும் தனியே எழுதி வைத்தால்தான் தெரியும்.

எத்தனை வாரம் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு வாரத்துப் 10ஐயும் 6ஐயும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே வரும். மூன்று மாதத்தில் 13 திங்கட்கிழமைகள் வரும். அவற்றுள் பொது விடுமுறையைக் கழியுங்கள். விடுமுறைக்கு மறுநாளையும் தனியே வையுங்கள். மிச்சமுள்ள வாரங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் திங்கள் அதிகமாக இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது. பாதி வாரத்தில் அதிகம், பாதி வாரத்தில் குறைவு என்றால் ஒன்றுமில்லை.

கிளினிக்கின் புத்தகத்தை நம்மிடம் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அதில் நோயாளிகளின் அந்தரங்கம் இருக்கிறது. ஆனால் நம் வேனில் ஏறுபவர்களைப் பற்றி, அவர்கள் சம்மதத்தோடு, நாமே ஒரு நோட்டுப் புத்தகம் எழுதலாம். பெயர் வேண்டாம், எண் போதும். சீட்டு கொடுத்த தேதி, சீட்டில் உள்ள நேரம், போய்ச் சேர்ந்த நேரம், மருத்துவர் கூப்பிட்ட நேரம். காத்திருப்பை இரண்டு விதமாகக் கணக்கிடுங்கள். சீட்டில் உள்ள நேரத்திலிருந்து எண்ணினால் கிளினிக்கின் பங்கு தெரியும். போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணினால் நம் ஆள் பட்ட பாடு தெரியும். பத்து மணிச் சீட்டுக்கு ஏழு மணிக்கே போய் உட்காருபவருக்கு அந்த மூன்று மணி நேரத்தைக் கொடுத்தது பஸ், கிளினிக் அல்ல.

இதில்தான் எனக்குக் கவலை. நம் வேன் ஒரே நடையில் பன்னிரண்டு பேரை ஏழு மணிக்கு இறக்கினால், 8, 9, 10 என்று கிளினிக் பிரித்துக் கொடுத்த நேரத்தை நாமே குலைத்துவிடுவோம். பத்து மணிக்காரர் ஏழு மணியிலிருந்து காத்திருப்பார். எட்டு மணிக்காரர் மருந்து வாங்கிய பிறகும் மற்றவருக்காகக் காத்திருப்பார். ஆகவே கிழமையைப் பிறகு முடிவு செய்யலாம். முதலில் ஒரே நாளில் சிறிய நடையாக இரண்டு, திரும்பவும் இரண்டு என்று விட முடியுமா என்று ஓட்டுநர் செலவைப் பார்த்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் இப்படி ஓட்டி, நோட்டுப் புத்தகத்தை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நோட்டுப் புத்தகத்துக்குக் கோடு போட்டுவிட்டேன். எழுதுவதற்கு இளைஞர் இருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.