உறுமுது, சுத்தலை



நான் மோட்டார் காயில் கட்டுகிறேன். இப்படிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவீர்கள். ஆனால் நாளைக்கு உங்கள் பக்கத்து வீட்டு மோட்டார் நின்றால் என் ஞாபகம் வராது. ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் "காயில் போச்சு" என்று சொல்லமாட்டார்கள். "என்னமோ உறுமுது, தண்ணி வரலை"ன்னுதான் சொல்வார்கள். அதனால் என் வேலையின் பெயரை விட்டுவிட்டு, அவர்கள் வாயில் வருகிற அந்த வார்த்தையைத்தான் எல்லாரிடமும் சொல்லி வைக்கிறேன்: "மோட்டார் உறுமுது, ஆனா சுத்தலைன்னா, உடனே சுவிட்சை அணைச்சிட்டு எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

இதில் "உடனே அணைச்சிட்டு" என்பது சும்மா சேர்த்ததல்ல. சுற்றாமல் நிற்கிற மோட்டார், வழக்கமாக இழுப்பதைப் போல 5, 6 மடங்கு கரண்ட்டை இழுக்கும். அப்படியே விட்டால் சில நிமிஷத்தில் உள்ளே இருக்கிற செம்புக் கம்பியின் மேல்பூச்சு வெந்துவிடும். கருகல் வாடை வந்தால் காயில் போய்விட்டது என்று அர்த்தம். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

சரி, ஏன் உறுமுது? வீட்டுக்கு வருகிற சிங்கிள் பேஸ் கரண்ட்டால் ஓடுகிற மோட்டாரைச் சுற்றவைக்க முடியும், ஆனால் நிற்கிற மோட்டாரைக் கிளப்பிவிட முடியாது. தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். காலால் மிதிக்கிறதுக்கு முன்னாடி கையால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளுவோம் இல்லையா? தள்ளாமல் மிதித்தால் சில நேரம் அப்படியே நின்று முரண்டு பிடிக்கும். மோட்டாரில் அந்தக் கை வேலையைச் செய்வது கண்டன்சர். மேலே டப்பா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அது போனால் தள்ள ஆளில்லை, மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். சீலிங் ஃபேன் சுவிட்ச் போட்டும் நிற்கிறது, லேசாகத் தட்டினால் சுத்துது என்றால் அதுவும் பெரும்பாலும் இதே கதைதான்.

மைக்ரோஃபாரட் கணக்கெல்லாம் டப்பாமேலேயே எழுதியிருக்கும், அது என் பாடு. தையல் மெஷின் கதையை மட்டும் சொன்னால், ஒரு அக்கா இன்னொரு அக்காவிடம் சொல்லும்போதும் கெடாமல் போய்ச் சேருகிறது.

ஒரு தடவை நம் குழு அக்கா ஒருத்தர் தன் நாத்தனார் வீட்டுக்காக எனக்குப் போன் போட்டார். "உறுமுதாம், அணைக்கச் சொல்லிட்டேன்" என்றார். நான் அந்த வீட்டுக்குப் பேசி இரண்டு கேள்வி கேட்டேன். லைட்டு மங்கலா எரியுதா? இல்லை என்றார்கள். மங்கலாக எரிந்தால் கரண்ட்டு குறைவு, அதற்கு நான் வந்து பயனில்லை. அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க ஃபேனைக் கையால் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். லேசாகச் சுற்றியது. சுற்றாமல் இறுகியிருந்தால் பம்புக்குள் துரு பிடித்திருக்கும், இல்லை பேரிங் போயிருக்கும். அப்போது கழற்ற வேண்டிய சாமானோடு போவேன். இவர்களுக்குப் புதுக் கண்டன்சர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன், அரை மணி நேரத்தில் தண்ணீர் ஏறியது. அந்த அக்கா சரியான நேரத்தில் அணைக்கச் சொன்னதால்தான் காயில் பிழைத்தது. அந்த வீட்டில் இன்றைக்கும் அவருக்குத்தான் பேர், எனக்கில்லை! பரவாயில்லை, அந்தத் தெருவிலிருந்து வேலை மட்டும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது.

செய்யாத வேலையையும் சொல்லிவிடுவேன். மிக்சி என்னிடம் வேண்டாம், அதில் கார்பன் தேயும், அது வேறு மோட்டார். போர்வெல்லுக்குள் இறங்கியிருக்கிற மோட்டார் என்றால், மேலே தூக்கிய பிறகுதான் நான் பார்க்க முடியும். தூக்க ஆட்களும் சங்கிலியும் வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் நல்ல மனதோடு அனுப்பி, அவர்கள் வீணாக அலைந்து, வருத்தம் உங்கள் பேரில் வரும்.

நம்மில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற தங்கச்சி இதே மாதிரிதான் சொல்லி வைத்திருக்கிறாள்: "மாடு விடாமக் கத்துது, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குதுன்னா சொல்லுங்க. காலையில பார்த்தா சாயங்காலம் வர்றேன், சாயங்காலம் பார்த்தா மறுநாள் காலையில வர்றேன்." கேட்டவர்கள் யாரும் மறக்கவில்லை.

கடைசியாக ஒன்று. அணைத்த பிறகும் அந்தக் கண்டன்சர் டப்பாவின் முனையை யாரும் தொட வேண்டாம். உள்ளே கரண்ட்டு தங்கியிருக்கும், ஷாக் அடிக்கும். போன் பண்ணுகிறவர்களிடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.