தேக்காவில் இரவு பத்து, சென்னையில் ஏழரை

சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தபடியே சேலையும் பலகாரமும் விற்பவர்கள், வாரம் ஒரு காணொளி போடும் இளையர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "எத்தனை மணிக்குப் போட்டா நல்லாப் போகும்?" இன்ஸ்டகிராமைத் திறந்தால் உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்த நேரத்தில் அதிகம் இருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் காட்டும். யூடியூப் ஸ்டுடியோவிலும் அப்படி ஒன்று உண்டு. உயரமான கோடு எதுவோ அந்த மணிக்குப் போட்டுவிடுவோம் என்றுதான் பலரும் முடிவெடுக்கிறார்கள். பார்ப்பவர்கள் எல்லாரும் சிங்கப்பூரில் இருந்தால் அது போதும். ஆனால் நம் தமிழ்ப் பக்கங்களைப் பார்ப்பவர்கள் மதுரையிலும் கோலாலம்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். அந்த வரைபடம் இவர்கள் எல்லாரையும் ஒரே கோட்டில் கூட்டிக் காட்டுகிறது. எந்த ஊர்க்காரர் எந்த நேரத்தில் வந்தார் என்று பிரித்துச் சொல்வதில்லை.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இந்த மாதிரி நிலைமை லிட்டில் இந்தியாவில் சாதாரணம். சேலையும் சுடிதாரும் விற்கிற கடை. பின்தொடர்பவர்கள் ஆறாயிரம் பேர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தமிழ்நாட்டில், மூன்றில் ஒரு பங்கினர் சிங்கப்பூரில், மீதிப் பேர் மலேசியா, வளைகுடா, இங்கிலாந்து. கடைக்கார அம்மா இரவு கடையைச் சாத்திவிட்டு, பத்து மணி வாக்கில் புதுச் சேலைகளைப் படம் எடுத்துப் போடுகிறார். சிங்கப்பூர் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இங்கே பத்து என்றால் சென்னையில் ஏழரை. அங்கே வேலை முடிந்து தொலைபேசியைக் கையில் எடுக்கும் நேரம். விருப்பக்குறிகள் கொட்டுகின்றன. மூன்று மாதக் கணக்கைப் பார்த்தால் இரவு பத்து மணிதான் முதலிடம்.

இந்த முடிவில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, அந்த மூன்று மாதத்தில் போட்ட அறுபது பதிவுகளில் நாற்பத்தொன்று இரவு பத்துக்குப் போட்டவை. நண்பகலில் பன்னிரண்டு பதிவுகள், முற்பகலில் ஏழு பதிவுகள். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ அவர் ஒருமுறைகூடப் போட்டதில்லை. போடாத நேரத்தைப் பற்றி பழைய கணக்கு எதையும் சொல்ல முடியாது. அதோடு மொத்த விருப்பக்குறியைக் கூட்டினால், அதிகம் போட்ட நேரம் தானாகவே முன்னுக்கு வந்துவிடும். அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு நேரத்துக்கும் நடு எண்ணைப் பாருங்கள். அதாவது அந்த நேரத்துப் பதிவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பது எதுவோ அது. சராசரி எடுத்தால், ஏதோ ஒரு பதிவு தற்செயலாகப் பரவி ஐயாயிரம் விருப்பம் வாங்கியிருந்தால் அந்த நேரமே உயர்ந்து தெரியும். நடு எண் அப்படி ஏமாறாது. எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே வயதில் கணக்கெடுக்கவும் வேண்டும். போட்டு இரண்டு நாள் ஆனபோது எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் போதும். மூன்று மாதப் பழைய பதிவையும் நேற்றுப் போட்டதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இரண்டாவது பிழை பெரியது. விருப்பக்குறி போட்ட தமிழ்நாட்டுக்காரர் கேம்பல் லேனுக்கு வந்து சேலை வாங்கப்போவதில்லை. இந்தக் கடைக்குப் பயன் தருவது வாட்ஸ்அப்பில் வரும் விசாரிப்பு. "இந்த நிறம் இருக்கா, என்ன விலை?" என்று கேட்டு அனுப்புவார்களே, அது. அதில் ஒரு வசதி இருக்கிறது. அனுப்பியவரின் எண்ணே பெரும்பாலும் ஊரைச் சொல்லிவிடும். 65 சிங்கப்பூர், 60 மலேசியா, 91 இந்தியா, 971 ஐக்கிய அரபு சிற்றரசுகள், 44 இங்கிலாந்து. வரைபடம் பிரித்துத் தராததை உங்கள் வாட்ஸ்அப் பிரித்துத் தந்துவிடுகிறது. அந்த அம்மா தன் விசாரிப்புகளை இப்படி எண்ணிப் பார்த்தால், இரவு பத்து மணிப் பதிவுக்கு விருப்பக்குறியின் நடு எண் 210, சிங்கப்பூர், மலேசிய விசாரிப்பின் நடு எண் 3. நண்பகல் பதிவுக்கு விருப்பம் 120தான், விசாரிப்பு 5. காரணம் ஊகிக்கக்கூடியது. பன்னிரண்டு மணிக்கு மேல் ராஃபிள்ஸ் பிளேசிலும் தஞ்சோங் பகாரிலும் அலுவலகத்தார் சாப்பிட உட்காருகிறார்கள். அப்போது கேட்டுவைத்துவிட்டு, வேலை முடிந்ததும் எம்ஆர்டியில் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கிக் கடைக்கு வரலாம். இரவு பத்துக்குக் கேட்டால் பதில் சொல்லக் கடையில் ஆள் இல்லை. காலையில் பதில் போவதற்குள் கேட்டவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். நேரம் குறிக்கும்போது பார்ப்பவர் எப்போது இருக்கிறார் என்பதோடு, பதில் சொல்பவர் எப்போது இருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதோடு நண்பகல்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பன்னிரண்டு நண்பகல் பதிவுகளைத் திரும்பப் புரட்டினால், எட்டு பதிவுகள் புதுச் சரக்கு வந்திறங்கிய நாளில் போட்டவை. சரக்கு வந்த உற்சாகத்தில் உடனே படம் எடுத்துப் போட்டிருக்கிறார். அப்படியானால் விசாரிப்பு கூடியது நேரத்தாலா, புதுச் சேலையாலா? பழைய கணக்கை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. வாரம் இரண்டு பதிவு, இரண்டும் ஒரே வகையானவை, ஒரே விலை வரம்புச் சேலைகள், ஒரே மாதிரிப் படங்கள். ஒன்று செவ்வாய், இன்னொன்று புதன். எது நண்பகல், எது இரவு என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால் உங்களை அறியாமலே நல்ல சேலையை உங்களுக்குப் பிடித்த நேரத்துக்கு வைத்துவிடுவீர்கள். ஆறு வாரம் செய்து பாருங்கள். நண்பகலுக்கு வந்த விசாரிப்பு வாரவாரியாக 4, 7, 5, 6, 3, 8. இரவுக்கு 2, 3, 4, 2, 6, 3 என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஐந்து வாரம் நண்பகல் முந்திவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நேரமும் உண்மையில் சமமாக இருந்தாலும்கூட, ஆறு முறை காசு சுண்டினால் ஐந்து அல்லது அதற்கு மேல் தலை விழுவது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு தடவை நடக்கும். அதை நம்பி விளம்பரக் காசை மாற்றி வைப்பது அவசரம். இன்னும் நான்கு வாரம் தொடருங்கள். இரண்டு நேரமும் சமமாக இருந்தால், பத்தில் ஒன்பது வாரமோ அதற்கு மேலோ நண்பகல் தற்செயலாக முந்துவது ஏறக்குறைய நூற்றில் ஒரு தடவைதான் நடக்கும். அப்போது தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.

தீபாவளி, பொங்கல் காலத்துக் கணக்கை இந்தச் சோதனையில் கலக்க வேண்டாம். சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு தொடங்கிவிட்டால் எந்த நேரத்தில் போட்டாலும் விசாரிப்பு கூடும். அந்த வாரங்களைத் தனியாக எழுதி வைத்து, அடுத்த ஆண்டு அதே காலத்தோடு ஒப்பிடுங்கள்.

இது பொருள் விற்கும் கடைக்கான கணக்கு. காணொளி போடுபவர்கள் கதை வேறு. இன்ஸ்டகிராம் 2016-லேயே கால வரிசையை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும் என்று கணித்து வரிசைப்படுத்தத் தொடங்கியது. யூடியூப் காணொளியோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடக்கூடியது. அதை ஏழு மணிக்குப் போட்டாலும் ஒன்பதுக்குப் போட்டாலும் நீண்ட நாளில் வித்தியாசம் மிகச் சிறிதாகிவிடும். அதில் மண்டையை உடைத்துக்கொள்வதைவிடத் தலைப்பிலும் முதல் அரை நிமிடத்திலும் அந்த உழைப்பைப் போடலாம். நேரம் உண்மையிலேயே முடிவைத் தீர்மானிப்பது நேரலையில்தான். அதற்கு அடுத்து, இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துபோகும் ஸ்டோரிகளில்.

நேரலைக்கு ஊர்களின் உச்ச நேரங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. சிங்கப்பூர்க்காரருக்கு இரவு ஒன்பது நல்ல நேரம். டொரொன்டோக்காரருக்கும் இரவு ஒன்பதுதான் நல்ல நேரம், அது கோடைக்காலத்தில் நமக்குக் காலை ஒன்பது. இரண்டுக்கும் நடுவைப் பிடித்தால் அதிகாலை மூன்று மணி வருகிறது. இங்கே எல்லாரும் தூங்குகிறார்கள். அங்கே பிற்பகல் மூன்று, வேலையில் இருக்கிறார்கள். நடு நேரத்தைத் தேடாமல், யாருக்கும் மிகவும் தொல்லையாக இல்லாத நேரத்தைத் தேடுங்கள். சனிக்கிழமை சிங்கப்பூர் நேரம் இரவு ஒன்பதரையை எடுத்துப் பாருங்கள். சென்னையிலும் கொழும்பிலும் ஏழு மணி. துபாயில் ஐந்தரை. லண்டனில் கோடைக்காலத்தில் பிற்பகல் இரண்டரை. டொரொன்டோவில் காலை ஒன்பதரை, விடுமுறை நாள், காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். தங்குவிடுதியில் இருக்கும் நம் ஊழியர் சகோதரர்களும் சனி இரவு கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள், மறுநாள் பெரும்பாலானோருக்கு விடுப்பு. விட்டுப்போகிறவர்கள் மெல்பர்ன்காரர்கள். அவர்களுக்கு இரவு பதினொன்றரை. உங்கள் பார்வையாளர்களில் அவர்கள் நூற்றில் இரண்டு பேர் என்றால் பதிவைப் பிறகு பார்க்கச் சொல்லிவிடலாம். இருபது பேர் என்றால் எட்டு மணிக்கு மாற்றுங்கள், அப்போது கனடாவின் காலைத் தூக்கத்தைக் கெடுப்பீர்கள். யாரை விடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், எண் செய்யாது.

கணக்கெடுக்கும்போது அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எந்த மணியில் இருக்கிறார் என்ற வரைபடம் உங்கள் ஊர் நேரப்படி வரும். ஆனால் நாள்வாரிக் கணக்கு அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி பிரிக்கப்படுகிறது. அதாவது அவர்களுடைய சனிக்கிழமை நமக்குச் சனி பிற்பகல் மூன்று மணிக்கோ, அவர்களது குளிர்காலமானால் நான்கு மணிக்கோதான் தொடங்குகிறது. நீங்கள் சனி காலை பதினொன்றுக்குப் போட்ட காணொளியின் முதல் நான்கு மணி நேரப் பார்வை வெள்ளிக்கிழமைக் கணக்கில் விழும். "வெள்ளிக்கிழமை நல்லாப் போகுது" என்று சிலர் சொல்வதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். எந்தச் செயலியிலிருந்து கோப்பு இறக்கினாலும், நேரம் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பதிவை அதில் தேடிப் பாருங்கள். நீங்கள் இரவு பத்துக்குப் போட்டது கோப்பில் காலை ஏழு என்று இருந்தால், அது எந்த ஊர்க் கடிகாரம் என்று தெரிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை, துபாய் கடிகாரங்கள் ஆண்டு முழுக்க அசையாது. மற்றவை அசையும். இங்கிலாந்து மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுகிறது. கனடாவின் பெரும்பகுதி மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறது. மெல்பர்னும் சிட்னியும் அக்டோபர் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே போய், ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்புகின்றன. லண்டன், டொரொன்டோ பார்வையாளர் எண் நவம்பரில் இறங்கினால் உள்ளடக்கத்தைக் குறை சொல்லுமுன், அவர்களுக்கு நிகழ்ச்சி ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறதா என்று பாருங்கள். டொரொன்டோவில் ஒன்பதரை எட்டரை ஆகிவிட்டிருக்கும், சனிக்கிழமை காலையில் அந்த ஒரு மணி நேரம் பெரிது.