பெயர் சொல்ல வேண்டாம், ஒரு கணக்கு எழுதுங்கள்
(வட்டார வள மையத்தில் நடந்த ஒருநாள் கணக்குப் பயிற்சியின் தொடக்க உரை)

வகுப்பை விட்டுவிட்டு, விருப்பமில்லாமல்தான் பலர் வந்திருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்ற கேள்வியும் தெரிகிறது. நாலரைக்கு முடிப்பேன். பாட்டு, கைதட்டல், சுய அறிமுகம் எதுவும் கிடையாது.

கையிலுள்ள துண்டுச் சீட்டில், உங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தப்பாகப் போடும் ஒரு கணக்கை, அவர்கள் எழுதும் விடையோடு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். மூன்று நிமிடம். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அந்தப் பிள்ளை எப்படி யோசித்திருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லட்டும், திருத்த வேண்டாம்.

என் சீட்டில் இருப்பது: 52 − 27 = 35. கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். ஆனால் 2-இல் 7 போகாது என்பதால், பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் 64 − 38 கொடுத்துப் பாருங்கள். 34 என்று வந்தால் அது கவனக்குறைவு இல்லை. பிள்ளை தானே வகுத்துக்கொண்ட விதி. அதே வகைக் கணக்கை இன்னும் பத்து கொடுத்தால் அந்த விதிதான் உறுதிப்படும்.

சீட்டுகளைச் சுவரில் ஒட்டுவோம். அதிகம் வந்த மூன்றுதான் இன்றைய பாடம். கையேட்டில் அவற்றுக்கு உதவாத பக்கங்களை விட்டுவிடலாம்.

எழுதத் தொடங்குங்கள்.