நம்ம கிராம் என்ன விலைக்கு விழுந்துச்சு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு கணக்காளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க குழுவில் ஒரு அக்கா போன வருஷம் நகைக்கடையில் மாசம் 3,000 ரூபாய் சீட்டு கட்டினாங்க. பதினோரு மாசம் முடிஞ்சதும் பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. "ஏம்மா, எனக்கு ஒரு கிராம் என்ன விலைக்கு விழுந்திருக்கு? லாபமா நட்டமா, பார்த்துச் சொல்லு. லாபம்னா அடுத்த வருஷம் 5,000 கட்டலாம்னு இருக்கேன்" என்றாங்க. அவங்க மக ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தது. பதினோரு மாச ரேட்டையும் கூட்டி, பதினொன்னால வகுத்திருந்தது. நம்மில் பலரும் அப்படித்தான் செய்வோம். அது ஏன் சரியில்லை, சரியான கணக்கு எது, அதுவும் எங்கே போய் முடியுது என்பதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

தங்கத்தை விடுங்க, முதல்ல தக்காளியைப் பார்ப்போம். இந்த வாரம் சந்தையில் தக்காளி கிலோ 20 ரூபாய். 100 ரூபாய்க்கு வாங்கினா 5 கிலோ. அடுத்த வாரம் கிலோ 50 ரூபாய். அதே 100 ரூபாய்க்கு 2 கிலோதான். இப்ப சராசரியா ஒரு கிலோ என்ன விலை? இருபதையும் ஐம்பதையும் கூட்டிப் பாதியாக்கினா 35 ரூபாய் வரும். ஆனா நம்ம கையை விட்டுப் போனது 200 ரூபாய், பைக்குள் வந்தது 7 கிலோ. 200ஐ 7ஆல் வகுத்தா 28 ரூபாய் 57 காசு. இதுதான் உண்மை. விலை குறைஞ்ச வாரம் நமக்கு அதிகம் வந்தது, விலை ஏறின வாரம் கொஞ்சமா வந்தது. வெறும் விலையை மட்டும் கூட்டினா, எந்த விலையில் எவ்வளவு வாங்கினோம் என்பது கணக்கில் வராமல் போயிடுது.

தங்கத்துக்கும் இதே விதிதான். மொத்தம் கட்டின பணத்தை மொத்தம் சேர்ந்த கிராமால் வகுக்கணும். வேற எதுவும் வேண்டாம்.

அந்த அக்காவோட பாஸ்புக்கைப் பார்ப்போம். ஒரு கிராமுக்கு 1,000 மில்லி. அவங்க கட்டினது மாசம் 3,000. அன்றைக்கு என்ன ரேட்டோ அதால் 3,000ஐ வகுத்து, வந்த எடையை ரசீதில் எழுதியிருக்காங்க. ரேட்டை உங்களுக்குப் புரிய முழு எண்ணாக்கிச் சொல்றேன்.

முதல் மாதம்: ரேட் 6,000, எடை 500 மில்லி
இரண்டாம் மாதம்: 6,000, எடை 500
மூன்றாம் மாதம்: 6,250, எடை 480
நான்காம் மாதம்: 6,750, எடை 444
ஐந்தாம் மாதம்: 6,750, எடை 444
ஆறாம் மாதம்: 6,600, எடை 454
ஏழாம் மாதம்: 6,500, எடை 461
எட்டாம் மாதம்: 6,250, எடை 480
ஒன்பதாம் மாதம்: 6,800, எடை 441
பத்தாம் மாதம்: 7,200, எடை 416
பதினோராம் மாதம்: 7,200, எடை 416

எடையை எல்லாம் கூட்டினா 5,036 மில்லி, அதாவது 5 கிராம் 36 மில்லி. கட்டின பணம் 33,000 ரூபாய். 33,000ஐ 5.036ஆல் வகுத்தா ஒரு கிராம் 6,553 ரூபாய். மக போட்ட கணக்கில் 6,573 வந்திருந்தது. 20 ரூபாய்தானே வித்தியாசம் என்று தோணும். மாசாமாசம் ஒரே தொகை கட்டினதால், அதோட ரேட்டும் ரொம்ப ஏறி இறங்காததால்தான் இவ்வளவு நெருங்கி வந்தது. சில கடையில் எந்த மாசம் எவ்வளவு வேணும்னாலும் கட்டலாம். அங்கே ஒருத்தர் ரேட் 6,000 இருக்கும்போது 1,000 ரூபாய் கட்டி, 7,200 ஆனபோது போனஸ் பணம் வந்ததுன்னு 10,000 கட்டினா என்ன ஆகும்? ரேட்டை மட்டும் கூட்டிப் பாதியாக்கினா 6,600. ஆனா அவர் வாங்கின தங்கத்தில் பெரும் பகுதி 7,200க்கு வாங்கினது. அவருக்கு ஒரு கிராம் 7,000க்கு மேலேயே விழுந்திருக்கும். அதனால எப்பவும் மொத்தப் பணம், மொத்த கிராம். அதை மறக்காதீங்க.

இப்ப அடுத்த விஷயம். எல்லா நகைச்சீட்டிலும் மாசாமாசம் கிராம் ஏறாது. சில சீட்டில் பணம்தான் சேரும். பதினோரு மாசம் முடிஞ்சதும், ஒரு மாசத் தவணையைக் கடைக்காரர் போனஸாச் சேர்த்து, நகை எடுக்கிற அன்றைய ரேட்டுக்குத் தங்கம் கொடுப்பார். அந்த மாதிரி சீட்டில் இடையில் ரேட் குறைஞ்சாலும் நமக்கு ஒன்னும் இல்லை, கடைசி நாள் ரேட் ஒன்னுதான் கணக்கு.

அதே அக்கா பணச்சீட்டு கட்டியிருந்தா? 33,000த்தோட போனஸ் 3,000, ஆக 36,000. கடைசி நாள் ரேட் 7,200. சரியா 5 கிராம் வந்திருக்கும். அவங்க கைப்பணம் 33,000தான், அதனால ஒரு கிராம் 6,600. கிராம் சீட்டில் 6,553. கிட்டத்தட்ட ஒன்னுதான். ஆனா கடைசி நாள் ரேட் 8,000 ஆகியிருந்தா, பணச்சீட்டில் நாலரை கிராம்தான். கிராம் 7,333 ரூபாய் விழும். 6,000க்கு இறங்கியிருந்தா 6 கிராம் கிடைக்கும், கிராம் 5,500தான். கிராம் சீட்டுக்காரருக்கு ரேட் ஏறினாலும் இறங்கினாலும் அதே 5 கிராம் 36 மில்லி. எது நல்லதுன்னு முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆனா நாம கட்டுறது எதுன்னு தெரிஞ்சிருக்கணும். ரசீதைப் பாருங்க. அன்றைய ரேட்டும் மில்லியும் எழுதியிருந்தா கிராம் சீட்டு. வெறும் ரூபாய் மட்டும் இருந்தா பணச்சீட்டு.

கிராம் சீட்டு கட்டுறவங்க ஒவ்வொரு ரசீதையும் வீட்டிலேயே சரிபார்க்கலாம். கட்டின பணத்தை அன்றைய ரேட்டால் வகுத்தா ரசீதில் இருக்கிற எடை வரணும். அந்த ரேட்டும் அன்னைக்குக் கடையில் மாட்டியிருந்த 22 காரட் ரேட்டா இருக்கணும். 24 காரட் ரேட் அதிகம். அதைப் போட்டுக் கணக்குப் பார்த்தா நமக்கு மில்லி குறையும்.

சரி, கிராம் 6,553க்கு விழுந்துச்சு. அன்னைக்கு ரேட் 7,200. "அப்ப கிராமுக்கு 647 ரூபாய் லாபம்தானே?" என்று அந்த அக்கா கேட்டாங்க. நான் சொன்னேன், "அக்கா, நகையை எடுத்து பில் போட்ட பிறகு பேசுவோம்."

அவங்க பார்த்து வச்சிருந்தது 5 கிராம் செயின். தங்கத்தோட விலை, 5 பெருக்கல் 7,200, ஆக 36,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 4,320. இரண்டும் சேர்ந்து 40,320. அதுக்கு மேல 3 சதவீதம் ஜி.எஸ்.டி., 1,210 ரூபாய். மொத்த பில் 41,530. சீட்டில் இருக்கிற 5 கிராம் 36 மில்லிக்கு அன்றைய மதிப்பு 36,259. அதைக் கழிச்சா கையில் இருந்து இன்னும் 5,271 ரூபாய் கட்டணும்.

இப்ப மறுபடி அதே கணக்கு. சீட்டுக்குக் கட்டினது 33,000, பில்லுக்குக் கட்டினது 5,271. மொத்தம் 38,271. கையில் வந்த தங்கம் 5 கிராம். வகுத்தா ஒரு கிராம் 7,654 ரூபாய்! அன்றைய போர்டு ரேட்டை விட அதிகம். பாஸ்புக்கில் 6,553, கழுத்தில் போடும்போது 7,654.

அதே செயினுக்கு, சீட்டு கட்டினவங்களுக்குச் சேதாரம் கிடையாதுன்னு கடை சொல்லியிருந்தா? 36,000க்கு 3 சதவீத வரி 1,080. பில் 37,080. சீட்டு மதிப்பைக் கழிச்சா 821 ரூபாய் கட்டினாப் போதும். மொத்தச் செலவு 33,821, ஒரு கிராம் 6,764. பார்த்தீங்களா, ஒரு வருஷம் மாசாமாசம் கட்டிச் சேர்த்த லாபத்தை விட, அந்தச் சேதாரம் என்கிற ஒரே வரி பெருசு. கிராமுக்கு 890 ரூபாய் வித்தியாசம்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கு. "சேதாரம் இல்லை" என்று அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் "இத்தனை சதவீதம் வரை" என்று இருக்கலாம். நாம எடுக்கிற மாடலுக்குச் சேதாரம் 20 சதவீதம், சலுகை 14 வரைதான் என்றால், மீதி 6 சதவீதத்தை நாமதான் கட்டணும். வேலைப்பாடு அதிகமான நகைக்குச் சேதாரம் கூடும். கல் வச்ச நகை என்றால், கல்லோட எடையைத் தங்க எடையில் சேர்த்திருக்காங்களான்னு பில்லில் பாருங்க. அதைச் சேர்த்தா நம்ம சராசரி கணக்கே பொய்யாயிடும்.

அந்த அக்காவோட கடையில் சலுகை உண்டு, 10 சதவீதம் வரை. அவங்க செயினுக்கு 12. மீதி 2 சதவீதத்துக்கு 720 ரூபாய், அதோட வரி 22 ரூபாய். கடைசியா அவங்களுக்கு ஒரு கிராம் 6,913க்கு விழுந்தது. சீட்டு இல்லாம அன்னைக்கே போய் அதே செயினை வாங்கியிருந்தா 41,530ஐ 5ஆல் வகுத்து 8,306 ஆகியிருக்கும். அதனால அவங்களுக்கு லாபம்தான், ஆனா அவங்க நினைச்ச லாபம் வேற. தங்க ரேட் ஏறினது பாதி, சேதாரம் குறைஞ்சது பாதி. அடுத்த வருஷம் ரேட் இறங்கினா முதல் பாதி இருக்காது.

அவங்க 5,000 கட்டலை. 3,000த்தையே தொடர்றாங்க. ஆனா இந்தத் தடவை சேருறதுக்கு முன்னாடியே கடையில் மூணு கேள்வி கேட்டாங்க. மாசாமாசம் கிராமா, பணமா? சேதாரச் சலுகை எத்தனை சதவீதம் வரை, எந்த நகைக்கெல்லாம்? ஒரு மாசம் கட்ட முடியலைன்னா அந்தச் சலுகை இருக்குமா, போயிடுமா? மூணுக்கும் பதிலை அட்டையிலேயே எழுதி வாங்கிட்டாங்க.

நீங்களும் கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கையும் நகை பில்லையும் கொண்டு வாங்க. குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டே இரண்டு எண் எழுதுவோம். கையை விட்டுப் போன மொத்தப் பணம், கைக்கு வந்த மொத்த கிராம். வகுத்துப் பார்த்துக்கலாம்.